பழைய மெனேஜரிட்ட ரெஃபரன்ஸ் லெட்டர் கேட்டன், ஆறு வரி வந்திருக்கு, இது காணுமா?

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூன் 24, இரவு 9.10

யூகேல சப்ளை செயின் மாஸ்டர்ஸ் ஒண்டுக்கு அப்ளை பண்ணுறன். ரெண்டு லெட்டர் கேக்கிறாங்கள். ஒண்டு கெம்பஸ் லெக்சரர் தாறன் எண்டுட்டா. மற்றது வேலை செய்த இடத்து மெனேஜர் தரவேணும். நான் 2019 ஜனவரியில இருந்து 2022 ஆகஸ்ட் வரைக்கும் இங்க திருகோணமலையில ஒரு என்ஜிஓல முதல் ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட், பிறகு ஸ்டோர்ஸ் கீப்பர். அப்ப மெனேஜரா இருந்தவர் இப்ப கொழும்பில வேற நிறுவனத்தில இருக்கிறார்.

வட்ஸ்அப்பில "சேர், ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் வேணும், தருவீங்களா" எண்டு கேட்டன். அடுத்த நாளே அனுப்பிட்டார், நல்ல மனுசன். வந்ததைத் தமிழில சொல்லுறன்: இவர் எங்களோட வேலை செய்தவர், கடுமையா உழைப்பார், நேர்மையானவர், நேரந்தவற மாட்டார், எல்லாரோடயும் நல்லாப் பழகுவார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். இவ்வளவுதான், ஆறு வரி.

காணுமா? திரும்பக் கேக்க வெக்கமா இருக்கு. டெட்லைன் ஜூலை 31.

கிண்ணியா மச்சான் | 2024 ஜூன் 24, இரவு 9.32

காணாது சிஸ்டர். ஆனா இதுக்கு ஏன் கவலை, எல்லாரும் செய்றதுதான், நீங்களே ரெண்டு பக்கத்துக்கு நல்லா டிராப்ட் பண்ணி அனுப்புங்க, அவர் சைன் வெச்சுத் தருவார், என்ட மூணு லெட்டரும் அப்பிடித்தான். அந்த என்ஜிஓட லெட்டர்ஹெட் பழைய பிடிஎஃப்ல ஏதாவது இரிக்குமே, அதை எடுத்துப் போட்டா இன்னும் கெத்தா இரிக்கும்.

மூதூர்ப் பொடியன் | 2024 ஜூன் 24, இரவு 10.05

அக்கா, கிராம சேவகரிட்ட நற்சான்றிதழ் எடுத்து டிவிஷனல் செக்ரட்டரிட்ட கையெழுத்து வைச்சாப் போதுமே. நான் போன மாசம் எடுத்தனான், ஒரு நாள் வேலைதான்.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூன் 24, இரவு 10.11

தம்பி அது நான் இந்த ஊரில இருக்கிறன், என்னில வழக்கு ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறது. என்ட ஸ்டோர்ஸ் வேலையைப் பற்றி கிராம சேவகருக்கு என்ன தெரியும். வீட்டில மாமரம் நிக்கிறது தெரியும்.

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 25, காலை 6.40

மகள், நான் சுனாமிக்குப் பிறகு இங்க வந்த என்ஜிஓக்களில கனகாலம் எச்ஆர் பாத்தனான். இப்ப ரிட்டயர். லெட்டர் எழுதியும் இருக்கிறன், வந்த லெட்டரை வாசிச்சு ஆள் எடுத்தும் இருக்கிறன். உம்மட ஆறு வரியில பொய் ஒண்டும் இல்லை, ஆனா அதில உம்மட பேரை எடுத்துட்டு ஒபிஸ் பியோன்ட பேரைப் போட்டாலும் அது சரியாத்தான் இருக்கும், டிரைவர்ட பேரைப் போட்டாலும் சரியாத்தான் இருக்கும். வாசிக்கிறவைக்கு உம்மைப் பற்றி ஒண்டுமே தெரிய வராது.

பிழை அவரில இல்லை. "லெட்டர் தாங்கோ" எண்டு மட்டும் கேட்டா மனுசன் என்னத்தை எழுதுறது? எந்தப் படிப்பு, ஆர் வாசிக்கப்போகினம், நீர் எப்ப எந்தப் பதவியில இருந்தனீர், அவர் கண்ட எந்த விசயத்தை எழுதினா உமக்கு உதவும், இது ஒண்டும் நீர் குடுக்கேல்லை. ரெண்டு வருசத்துக்கு முந்தின ஒரு ஸ்டாஃப் பற்றி அவருக்கு ஞாபகத்தில மிஞ்சினது "நல்ல பிள்ளை" எண்டதுதான்.

கிண்ணியாத் தம்பிக்கு: லெட்டர்ஹெட் கதையை இதோட விடும். அந்த மனுசன் அங்க இப்ப வேலை செய்யேல்லை. விட்டுட்டுப் போன இடத்திட லெட்டர்ஹெட்டில எழுத அவருக்கு உரிமை இல்லை. நீர் எடுத்துப் போட்டா அது போலிப் பத்திரம். யூகே விசாக்குப் பொய்ப் பத்திரம் குடுத்துப் பிடிபட்டா பத்து வருசத்துக்கு உள்ள விடமாட்டாங்கள். ஆறு வரியைத் திருத்தப் போய் பத்து வருசத்தைக் குடுக்கிறதா.

கிண்ணியா மச்சான் | 2024 ஜூன் 25, காலை 7.15

சரி சரி அன்ரி, லெட்டர்ஹெட் வாபஸ். டிராப்ட் விசயத்தில நான் சொன்னதுதான்.

கனடாக் கனவு | 2024 ஜூன் 25, காலை 11.20

எனக்கும் இதே பிரச்சினைதான், பிஆர்க்கு அப்ளை பண்ணுறன், எக்ஸ்பிரஸ் என்ட்ரி. நான் வேலை செய்த கொம்பனி மூடியாச்சு, மெனேஜர் டுபாயில. அவரும் நல்லாப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதித் தந்தவர், ஆனா தெரிஞ்ச ஒரு ஆள் பாத்திட்டு இது சரிவராது எண்டுட்டார். ஏன்?

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 25, பகல் 12.02

உம்மட கேஸ் வேற தம்பி, ரெண்டையும் குழப்பாதையும். கனடா இமிகிரேஷனுக்கு உம்மைப் புகழத் தேவையில்லை. நீர் அந்த வேலையை உண்மையா அவ்வளவு காலம் செய்தனீரோ எண்டதுதான் அவைக்கு வேணும். பதவி என்ன, எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி மட்டும், கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், சம்பளம் எவ்வளவு, என்னென்ன கடமை, எழுதினவர் ஆர், அவரை எப்பிடிப் பிடிக்கிறது. மணித்தியாலமும் சம்பளமும் இல்லாட்டி எவ்வளவு புகழ்ந்தாலும் பிரயோசனம் இல்லை. கடமைகளை அவங்கட என்ஓசி தொழில் பட்டியல் பக்கத்தில இருந்து அப்பிடியே கொப்பி பண்ணினாலும் சந்தேகப்படுவாங்கள்.

கொம்பனி மூடினதெண்டா ஏன் லெட்டர்ஹெட்டில எடுக்க ஏலாது எண்டு நீரே ஒரு விளக்கம் எழுதி, மெனேஜர்ட கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் ஈபிஎஃப் ஸ்டேட்மென்டையும் சேத்துப் போடும். கொம்பனி இல்லாமப் போனாலும் எந்த மாசம் எந்த வேலைகொள்வோர் உமக்குக் காசு கட்டினவை எண்டு ஈபிஎஃப்ல இருக்கும்.

கனடாக் கனவு | 2024 ஜூன் 25, பகல் 12.30

எங்கட ஆள் கடைசி ஒன்பது மாசம் ஈபிஎஃப் கட்டேல்லையே அன்ரி. சம்பளத்தில எட்டு வீதம் வெட்டினவர், ஆனா அங்க போய்ச் சேரேல்லை.

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 25, பகல் 12.41

அப்ப முதல்ல தொழில் திணைக்களத்தில முறைப்பாடு. கடிதம் அதுக்குப் பிறகு.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூன் 25, இரவு 8.50

அன்ரி நீங்க சொன்னதுக்குப் பிறகு இருந்து யோசிச்சன். என்னென்ன குடுக்கலாம் எண்டு எழுதிப் பாத்தன், மூண்டு விசயம் வந்தது.

ஒண்டு, நான் போய்ச் சேரேக்க ஸ்டோர்ஸில பின்கார்டில ஒரு கணக்கு, றாக்கையில வேற கணக்கு. முதல் எண்ணிக்கையில 210 சாமானில 37க்கு வித்தியாசம் வந்தது. ஒரு வருசத்தில அதை 4க்குக் கொண்டுவந்தன். கார்டை சாமான் வெளிய போனபிறகு எழுதாம, போறதுக்கு முதல் எழுதவைச்சது, ஒவ்வொரு வெள்ளியும் இருபது சாமானை மட்டும் எண்ணினது, இவ்வளவுதான் செய்தனான்.

ரெண்டு, 2020 டிசம்பர் 2 புரெவி. குச்சவெளி, திரியாய்ப் பக்கம்தான் கரைகடந்தது, ஞாபகம் இருக்கும். எங்கட ஸ்டோர்ஸ் நிலாவெளியில பள்ளக் காணியில இருந்த வாடகை வீடு. ரெண்டு நாளில எல்லாத்தையும் டவுனில மேல்மாடிக் கட்டடத்துக்கு ஏத்தினம். 600 தறப்பாள், சுகாதாரப் பொதிகள், எல்லாத்துக்கும் லிஸ்ட் நான்தான்.

மூண்டு, இதுதான் எனக்குப் பெருமை. 2022 டீசல் இல்லாத காலத்தில வெருகலுக்குப் போக வேண்டிய 11 லொறிப் பயணத்தை 7 ஆக்கினன். பாதையை மாத்தி, ரெண்டு கிராமத்துச் சாமானை ஒண்டா ஏத்தி. ஜூன், ஜூலை, உச்ச நேரம்.

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 26, காலை 6.15

நல்ல விசயங்கள். ஒரு கேள்வி, அந்த மெனேஜர் அங்க இருந்து எப்ப விலகினவர்?

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூன் 26, காலை 7.58

2022 மார்ச்.

ஐயோ.

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 26, காலை 8.10

ம். ஜூன், ஜூலையில நடந்ததை மார்ச்சில போன மனுசன் எப்பிடிக் கண்டவர்? நீர் எழுதிக் குடுத்தா நல்ல மனசில சேத்துப்போடுவார், அவருக்கே திகதி ஞாபகம் இராது. ஆனா அவர்ட லெட்டரில நான் 2022 மார்ச் மட்டும் பொறுப்பா இருந்தனான் எண்டும் இருக்கும், 2022 ஜூலை டீசல் கதையும் இருக்கும். வாசிக்கிற ஆள் கொஞ்சம் கவனமானவ எண்டா அந்த ஒரு இடத்தோட முழு லெட்டரையும் நம்ப மாட்டா, நல்லா இருக்கிற மற்ற ரெண்டு விசயமும் சேந்து போயிடும்.

டீசல் கதையை நீர் எழுதுற ஸ்டேட்மென்டில போடும். அங்க அது உம்மட வாயால வரலாம். லெட்டரில அவர் பக்கத்தில நிண்டு கண்டது மட்டும். அதுவும் ரெண்டு விசயம் காணும்.

கையெழுத்துக்காரன் | 2024 ஜூன் 26, பின்னேரம் 4.45

உப்புவெளிப் பக்கம் ஹோட்டலில மெனேஜரா இருந்து ஓய்ஞ்சவன் நான். சீசன் முடிய பொடியள் மாலைதீவு, கட்டார் எண்டு வெளிக்கிடுவாங்கள், ஒவ்வொருத்தனும் லெட்டர் கேப்பான். எழுதினவன்ட பக்கத்தையும் கேளுங்கோ.

ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் வரும், "சேர் நாளைக்கு வேணும்". இன்னொருத்தன் ரெண்டு பக்கம் டிராப்ட் அனுப்புவான், அதில நான் என்ட சீவியத்தில பாவிக்காத இங்கிலீஸ் சொல்லெல்லாம் கிடக்கும். ஒருக்கா மாலைதீவில இருந்து ஒரு ஹோட்டல் எச்ஆர் போன் பண்ணி, நீங்க எழுதின லெட்டரில இவர் நைட் ஓடிட் தனியச் செய்தவர் எண்டு இருக்கு, எத்தினை ரூம் எண்டு கேட்டுது. எனக்கு ஒண்டும் ஓடேல்லை. அவன் எழுதினதை வாசிக்காமக் கையெழுத்து வைச்சிட்டன். பொடியனுக்கு வேலை போச்சுது. உண்மையில அவன் செய்தவன்தான், 48 ரூம், எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் என்னோட இப்பவும் கதைக்கிறேல்லை.

அதுக்குப் பிறகு டிராப்ட் வாங்கமாட்டன். குறிப்பு தா, நான் எழுதுறன் எண்டுடுவன். குறிப்பைப் பாத்து எழுதேக்க எனக்கும் அந்த நாள் ஞாபகம் வரும், போனில கேட்டா சொல்ல வாயிருக்கும்.

கிண்ணியா மச்சான் | 2024 ஜூன் 26, இரவு 7.20

ஐயா சொல்றது சரிதான், ஆனா எல்லா மெனேஜரும் உங்களப் போல இருந்து எழுதமாட்டாங்க. என்ட ஆள் நேரவே சொன்னாரு, டிராப்ட் இல்லாம வராத எண்டு. அப்ப என்ன செய்ற?

கையெழுத்துக்காரன் | 2024 ஜூன் 26, இரவு 7.55

அப்பிடிச் சொன்னா குடுக்கத்தான் வேணும், என்ன செய்யிறது. ஆனா அவன் பேசுற மாதிரி எழுது. அனுப்பிப்போட்டு போன் எடுத்து, சேர் இந்த நாள் ஞாபகம் இருக்கோ எண்டு ஒருக்காக் கதை.

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 26, இரவு 8.30

வேலைக்கு எண்டா அது நடக்குது, நானும் கண்டனான். கெம்பஸ் அட்மிஷனில நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ரெஃபரி தானே எழுதவேணும் எண்டு அவங்கட போமிலயே பல இடத்தில இருக்கு. ரெண்டு லெட்டரும் ஒரே கையால எழுதினா நடையில பிடிபடும். லெக்சரரும் மெனேஜரும் ஒரே மாதிரியே வசனத்தைத் தொடங்குவினம், ஒரே இடத்தில கொமா போடுவினம்.

கிண்ணியா மச்சான் | 2024 ஜூன் 26, இரவு 8.41

என்ட மூணும் ஒரே கையாலதான் அன்ரி, மூணு பேரும் வேலை தந்தாங்க 😄 நான் மாறமாட்டன்.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூன் 27, இரவு 10.15

சரி, போன் பண்ணினன். முதல் லெட்டருக்கு நன்றி சொல்லிட்டு உள்ளதைச் சொன்னன்: சேர் நான்தான் ஒரு விவரமும் தராமக் கேட்டுட்டன், இது அட்மிஷன் கொமிட்டி வாசிக்கிறது, ஸ்டோர்ஸ் வேலையைப் பற்றி நீங்க கண்டதை எழுதினா உதவும், ஒரு பக்கம் குறிப்பு அனுப்பட்டோ, நேரமில்லாட்டி ஓம் இல்லை எண்டு இப்பவே சொல்லுங்கோ, கோவிக்க மாட்டன். கடைசி வசனம் அன்ரி தனி மெசேஜில சொல்லித் தந்தது. அரைமனசா ஓம் எண்டுற ஆளிட்ட இருந்து வாற லெட்டரை விட இல்லை எண்டுற ஆள் நல்லம் எண்டு.

அவர் சிரிச்சார். "நான் அது ஏதோ வேலைக்கு, பைலில போடக் கேக்கிறீர் எண்டு நினைச்சன்" எண்டார். அவ்வளவுதான் விசயம். நான் மூண்டு நாள் வெக்கப்பட்டது வீண்.

குறிப்பு எழுதவேணும், என்னத்தை எல்லாம் போடுறது?

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 28, காலை 6.30

ஒரு பக்கத்துக்கு மேல போகாதையும். மேல படிப்பிட பேர், ஆர் வாசிப்பினம், என்னத்தைத் தேடுவினம். சப்ளை செயின் எண்டா கணக்கு, திட்டமிடல், நெருக்கடியில நிதானம். பிறகு எந்த மாசத்தில இருந்து எந்த மாசம் மட்டும் அவருக்குக் கீழ, என்ன பதவியில இருந்தனீர், எப்ப பதவி உயர்ந்தது. பிறகு அந்த ரெண்டு விசயம், ஒவ்வொண்டும் நாலைஞ்சு வரி, என்ன நிலைமை, நீர் என்ன செய்தனீர், என்ன ஆச்சு. "கடுமையா உழைத்தேன்" எண்டு எழுதாதையும். நீர் செய்ததை எழுதும், அதை என்னெண்டு சொல்லுறது எண்டதை அவர் பாத்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு விசயத்துக்குக் கீழயும் ஒரு கேள்வி போடும், "சேர், இது உங்களுக்கு இப்பிடித்தான் ஞாபகமா?" எண்டு. இதை ஆக்கள் செய்யிறேல்லை.

இன்னொண்டு, பேர். பாஸ்போட்டில இருக்கிற எழுத்தை அப்பிடியே குடும். ஒபிஸில கூப்பிட்ட பேரில லெட்டர் வந்து, அப்ளிகேஷனில அப்பாட பேரோட முழுப்பேர் இருந்தா, அங்க இருக்கிறவளுக்கு இது ரெண்டு ஆள்.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூன் 28, காலை 8.05

பேர்! அந்த என்ஜிஓ தந்த சேர்விஸ் லெட்டரை இப்ப எடுத்துப் பாத்தன். இனிஷல் மாறிக்கிடக்கு, பதவி "ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட்" எண்டு மட்டும்தான், கீப்பர் ஆனது இல்லவே இல்லை. ரெண்டு வருசமா பைலில கிடந்தது, நான் வாசிக்கவே இல்லை. திருத்தித் தரச்சொல்லிக் கேட்டு ஈமெயில் போட்டிருக்கிறன்.

கிண்ணியா மச்சான் | 2024 ஜூன் 28, காலை 9.12

சேர்விஸ் லெட்டர் இரிக்கிண்டா பிறகு என்னத்துக்கு மெனேஜர் லெட்டர்?

பழைய எச்ஆர் | 2024 ஜூன் 28, காலை 9.40

சேர்விஸ் லெட்டர் இவ இருந்தவ எண்டு சொல்லும். எப்பிடி இருந்தவ எண்டு சொல்லாது. ஆனா இவட கேஸில அது தேவை, ஏனெண்டா மெனேஜர் இப்ப வெளி ஆள். திகதியும் பதவியும் நிறுவனம் சொல்லட்டும், வேலையை மனுசன் சொல்லட்டும். ரெண்டும் ஒண்டுக்கொண்டு முரண்படக் கூடாது, அதாலதான் திருத்தச் சொல்லுறன்.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூலை 4, இரவு 9.30

கதை கேளுங்கோ. குறிப்பு அனுப்பி நாலு நாளில சேர் எடுத்தார். முதல் சொன்னது, "600 தறப்பாள் இல்லை, 400. டோனருக்கு அனுப்பின சூறாவளி ரிப்போட் நான் எழுதினது, எனக்கு ஞாபகம்." நான் அடிச்சுச் சொன்னன் 600 எண்டு. பிறகு என்ட பழைய டயரியில பாத்தா 400 தறப்பாள், 200 பாய். ரெண்டையும் கூட்டி மூண்டரை வருசமா 600 தறப்பாள் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்கிறன்.

ரெண்டாவது சொன்னதுதான். "நீர் ஒரு விசயத்தை விட்டுட்டீர், அந்தக் கேற் கதை" எண்டார். எனக்கு விளங்கேல்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் வந்தது. புரெவி முடிஞ்ச மற்ற நாள் ஊரில செல்வாக்கான ஒரு ஆள் வாகனத்தோட வந்து, எங்கட சனத்துக்கு ஐம்பது தறப்பாள் உடன ஏத்து எண்டு நிண்டவர். வேபில் இல்லாமத் தர ஏலாது எண்டு நான் சொன்னன், அவர் சத்தம் போட்டார், நான் கேற்றைப் பூட்டிட்டு சேருக்குப் போன் பண்ணினன். பிறகு அந்தக் கிராமத்து லிஸ்ட் வந்து, பின்னேரம் வேபில் எழுதி அதே ஐம்பதைக் கொண்டுபோய்க் குடுத்தனாங்கள். எனக்கு அது அழுகை வந்த நாள், அவ்வளவுதான். சேர் சொல்லுறார், "அண்டைக்குத்தான் உம்மை ஸ்டோர்ஸ் கீப்பர் ஆக்கிறது எண்டு முடிவெடுத்தனான்" எண்டு. நான் ஏதோ என்ட முறை வந்து கிடைச்சதெண்டு நினைச்சிருந்தன்.

அதை எழுதப்போறாராம்.

பழைய எச்ஆர் | 2024 ஜூலை 5, காலை 6.20

இதை நீர் டிராப்ட் பண்ணிக் குடுத்திருந்தா அந்தக் கேற் கதை வந்திருக்குமோ?

கிண்ணியா மச்சான் | 2024 ஜூலை 5, காலை 7.00

சரி, ஒரு பொயின்ட் அன்ரிக்கு.

கையெழுத்துக்காரன் | 2024 ஜூலை 5, காலை 10.25

நான் எண்டா அந்த 600, 400 சண்டையையும் எழுதுவன், இவவுக்கு எண்ணிக்கை எண்டா உயிர் எண்டு. பகிடிக்கு. ஆனா ஒரு குறையும் எழுதச்சொல்லுங்கோ பிள்ளை. எல்லாம் நல்லது எண்டு எழுதினா நான் நம்பமாட்டன். வேலையை மற்றவையிட்ட பிரிச்சுக் குடுக்கமாட்டா, தானே எல்லாம் இழுத்துச் செய்வா, பிறகு பழகிட்டா, இப்பிடி ஏதும்.

பழைய எச்ஆர் | 2024 ஜூலை 5, காலை 11.10

அதில நான் உங்களோட நிக்க மாட்டன் ஐயா. போமில குறை கேட்டா எழுதட்டும். கேக்காத இடத்தில எழுதினா, குறையெண்டு எழுதாத பழக்கமுள்ளவை வாசிக்கேக்க அது பெருசாத் தெரியும். அவர் விரும்பி எழுதினா எழுதட்டும், பிள்ளை கேக்கத் தேவையில்லை.

கையெழுத்துக்காரன் | 2024 ஜூலை 5, காலை 11.30

நான் முப்பது வருசம் அப்பிடித்தான் எழுதினனான். ஆரும் திருப்பி அனுப்பேல்லை.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூலை 5, இரவு 9.00

நான் கேக்கேல்லை. அவரிட்ட விட்டுட்டன். இப்ப வேற பிரச்சினை. லெட்டரை நான் அப்லோட் பண்ண ஏலாதாம். ரெஃபரிட ஈமெயிலுக்கு லிங்க் போகும், அவர்தான் ஏத்தவேணும். ஒபிஸ் ஈமெயில்தான் குடுக்கவேணுமாம். சேர்ட ஒபிஸ் ஈமெயில் புது நிறுவனத்தினது, பழைய நிறுவனத்தினது இல்லை. அதைக் குடுத்தா பிரச்சினையோ?

பழைய எச்ஆர் | 2024 ஜூலை 6, காலை 6.35

பிரச்சினை இல்லை, லெட்டரில முதல் வசனத்திலயே அதைச் சொல்லட்டும்: நான் இப்ப இன்ன இடத்தில இன்ன பதவியில இருக்கிறன், 2019 ஜனவரி தொடக்கம் 2022 மார்ச் மட்டும் இன்ன நிறுவனத்தில திட்ட மெனேஜரா இருக்கேக்க இவ எனக்குக் கீழ வேலை செய்தவ எண்டு. ஈமெயில் ஒரு நிறுவனம், கதை இன்னொரு நிறுவனம் எண்டு வாசிக்கிறவை முழிக்காம இருக்க அது காணும். புது இடத்து லெட்டர்ஹெட் பாவிக்கிறதெண்டா அங்க கேட்டுட்டுப் பாவிக்கவேணும், இல்லாட்டி வெள்ளைத் தாளில பேர், பதவி, போன், திகதி, கையெழுத்தோட குடுத்தாலும் சரி.

லிங்க் அனேகமா ஸ்பாமுக்குள்ள போய்க் கிடக்கும். நீர் அனுப்பின அண்டைக்கே போன் பண்ணி ஸ்பாமைப் பாக்கச் சொல்லும்.

டெட்லைன் நேரத்தையும் பாரும். ஜூலை 31 இரவு 11.59 எண்டா அது யூகே நேரம். எங்கட நேரம் ஆகஸ்ட் 1 விடிய 4.29. ஆனா அவருக்கு ஜூலை 24 எண்டு சொல்லும்.

மூதூர்ப் பொடியன் | 2024 ஜூலை 6, காலை 9.50

அக்கா, நான் அண்டைக்குச் சொன்ன கிராம சேவகர் லெட்டர் விசாக்குத் தேவைப்படுமா? இல்லாட்டி நான் ஏன் எடுத்தன் எண்டு யோசிக்கிறன்.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூலை 6, காலை 10.02

நீ எதுக்கு எடுத்தனீ எண்டு உனக்கே தெரியாதா டேய்?

மூதூர்ப் பொடியன் | 2024 ஜூலை 6, காலை 10.04

அம்மா எடுத்து வை எண்டவ.

ஸ்டோர்ஸ்காரி | 2024 ஜூலை 24, இரவு 11.20

லிங்க் ஸ்பாமுக்குள்ளதான் கிடந்திருக்கு, அன்ரி சொன்ன மாதிரியே. 17ஆம் திகதி ஞாபகப்படுத்தினன், பதில் இல்லை. 22 திரும்பப் போட்டன், "சேர் லெட்டர் எப்பிடிப் போகுது" எண்டு கேக்காம, குறிப்பையும் லிங்க் வந்த திகதியையும் அதே மெசேஜில திரும்ப அனுப்பினன், அவர் மேல போய்த் தேடத் தேவையில்லாம. இண்டைக்கு இரவு 10.50க்கு ஏத்திட்டார், எனக்கும் உறுதிப்படுத்தி ஈமெயில் வந்தது.

லெட்டரை நான் பாக்கேல்லை, காட்டச்சொல்லிக் கேக்கவும் இல்லை. போன் பண்ணி ஒண்டு மட்டும் கேட்டார். போமில ஒரு இடத்தில தான் கண்ட ஸ்டாஃபுக்குள்ள இவ எந்த இடம், முதல் 5 வீதமா, 10 வீதமா, 25 வீதமா எண்டு டிக் பண்ணச் சொல்லுதாம், என்னத்தைப் போடுறது எண்டு. எனக்கு வாய் வரேல்லை. உங்களுக்குத் தெரியும் சேர் எண்டன். என்னத்தைப் போட்டாரோ.

கையெழுத்துக்காரன் | 2024 ஜூலை 25, காலை 6.10

நான் எல்லாருக்கும் 10 போடுவன். 5 போட்டா ஆரும் நம்பமாட்டாங்கள், 25 போட்டா பொடியன் கோவிப்பான்.

பழைய எச்ஆர் | 2024 ஜூலை 25, காலை 6.45

ஐயா எல்லாருக்கும் 10 எண்டா அது என்ன கணக்கு? உங்கட ஹோட்டலில மிச்ச 90 பேரும் எங்க?

கையெழுத்துக்காரன் | 2024 ஜூலை 25, காலை 7.02

அவங்கள் லெட்டர் கேக்கேல்லை.

கனடாக் கனவு | 2024 ஜூலை 25, பின்னேரம் 3.15

தொழில் திணைக்களத்துக்குப் போனன். என்னைப் போல அதே கொம்பனி ஆக்கள் ஏழு பேர் ஏற்கனவே முறைப்பாடு குடுத்திருக்கினம். அதில ஒருத்தரிட்ட பழைய சம்பளச் சீட்டெல்லாம் இருக்காம், எங்கட செக்‌ஷன் சூப்பர்வைசரா இருந்தவர். அவர் எழுதினா மெனேஜர்ட லெட்டரோட சேத்துப் போடலாமோ அன்ரி? மணித்தியாலம், சம்பளம் ரெண்டும் அவருக்குத் தெரியும்.

பழைய எச்ஆர் | 2024 ஜூலை 25, இரவு 8.20

சேத்துப் போடும். அவர் உமக்கு நேரா மேல இருந்தவரோ, பக்கத்தில இருந்தவரோ? அதை முதல் சொல்லும்.